சந்தை நகர்ந்தும் பணம் கரைந்தது ஏன்?

2019ஆம் ஆண்டு மே மாதம், நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவருவதற்கு இரண்டு நாட்கள் இருந்தன. அப்போது நான் மும்பையில் ஒரு கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர், மூன்று லட்சம் ரூபாய்க்கான வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வந்தார். அவசரத் தேவை ஏதேனும் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"தேவை ஒன்றுமில்லை தம்பி. வியாழக்கிழமை ஓட்டு எண்ணுகிறார்கள். ஆளும் கட்சி வந்தால் சந்தை ஏறும்; வராவிட்டால் இறங்கும். இரண்டுக்கும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் நமக்கு லாபம்தானே?"

பங்குச் சந்தையில் ஆலோசனை கூறும் பொறுப்பு எனக்கு இல்லை. முன்கூட்டி முடிப்பதால் குறையும் வட்டியை மட்டும் எடுத்துச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். வியாழக்கிழமை அன்று நிஃப்டி குறியீடு வரலாற்றில் முதன்முறையாகப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த வேளையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. குறியீடு முந்நூறு புள்ளி ஏறியிருக்கிறது, தம் கணக்கிலோ நஷ்டம் காட்டுகிறது, செயலியில் ஏதோ கோளாறு போலும் என்றார். கோளாறு எதுவும் இருக்கவில்லை. மாலைக்குள் அவர் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது.

'எந்தப் பக்கம் போனாலும் லாபம்' என்ற வாசகத்தை அதன் பிறகும் பலரிடம் கேட்டுவிட்டேன். வரவு செலவுத் திட்ட நாள், ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு, பெரிய நிறுவனங்களின் காலாண்டு முடிவு என்று ஒவ்வொரு நிகழ்வுக்கு முன்பும் அது புதிதாகப் பிறக்கிறது. அந்த வாசகத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்பதே என் கருத்து. எந்தப் பக்கம் போனாலும் லாபம் என்பது சரியன்று. எந்தப் பக்கமாயினும் *போதுமான அளவு* போனால்தான் லாபம். அந்தப் போதுமான அளவு எது என்பதை முதல்நாளே சந்தை விலையாகக் குறித்து வைத்துவிடுகிறது. வாங்குபவர் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.

ஸ்ட்ராடில் என்பது என்ன?

குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையைத் தருவது கால் ஆப்ஷன். விற்கும் உரிமையைத் தருவது புட் ஆப்ஷன். அந்தக் குறிப்பிட்ட விலைக்கு ஸ்டிரைக் விலை என்று பெயர். உரிமையைப் பெறுவதற்கு நாம் கொடுக்கும் தொகை பிரீமியம். ஒரே ஸ்டிரைக் விலையில், ஒரே முடிவு தேதிக்கு, ஒரு காலையும் ஒரு புட்டையும் சேர்த்து வாங்குவதே லாங் ஸ்ட்ராடில். குறியீடு நன்றாக ஏறினால் கால் பலன் தரும். நன்றாக இறங்கினால் புட் பலன் தரும். அதிகபட்ச இழப்பு கொடுத்த பிரீமியம் மட்டுமே. இவை யாவும் உண்மை.

ஆனால் பிரீமியத்தின் பெரும்பகுதி எதனால் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். குறியீடு இன்றிருக்கும் இடத்திற்கு அருகிலேயே ஸ்டிரைக் விலையும் இருக்குமானால், இன்றே உரிமையைப் பயன்படுத்திப் பெறக்கூடிய பணம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இனி வரப்போகும் நாட்களில் குறியீடு எவ்வளவு அலைபாயும் என்ற எதிர்பார்ப்புக்கே நாம் விலை கொடுக்கிறோம். அந்த எதிர்பார்ப்பை ஆண்டுக் கணக்கில் சதவிகிதமாக வெளிப்படுத்தும் எண்ணுக்கு இம்ப்ளைட் வொலட்டிலிட்டி என்று பெயர். இதை உள்ளுறை ஏற்ற இறக்கம் என்று குறிப்பிடுகிறேன். பிரீமியத்திற்குள் உறைந்து கிடப்பதால் அந்தப் பெயர் பொருந்தும். தேசியப் பங்குச் சந்தை வெளியிடும் இந்தியா விக்ஸ் என்ற எண், நிஃப்டி ஆப்ஷன்களின் விலைகளிலிருந்து அடுத்த முப்பது நாட்களுக்கு இதைக் கணித்துச் சொல்வதாகும்.

இந்தச் சதவிகிதத்தை நாள் கணக்கில் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. அதைப் பதினாறால் வகுத்தால் போதும். உள்ளுறை ஏற்ற இறக்கம் 16 என்றால், வழக்கமான நாளொன்றில் குறியீடு ஒரு சதவிகித அளவுக்கு மேலோ கீழோ நகரும் என்று சந்தை எண்ணுகிறது. 32 என்றால் இரண்டு சதவிகிதம்.

முகூர்த்த நாளுக்கு முதல்நாள் மல்லிகைப்பூ என்ன விலை விற்கும் என்பதை நாம் அறிவோம். முகூர்த்தம் கழிந்த மறுநாள் அதே பூவின் விலை சட்டென்று இறங்கிவிடும். பூவின் மணத்தில் குறையில்லை. அதை விலையேற வைத்த நாள் கடந்துவிட்டது, அவ்வளவே. நிகழ்வுக்கு முதல்நாள் விற்கும் ஆப்ஷனும் அத்தகையதே. முடிவு நல்லதா கெட்டதா என்பது ஒருபுறமிருக்க, முடிவு தெரிந்துவிட்டது என்பதே உள்ளுறை ஏற்ற இறக்கத்தைக் கீழே தள்ளிவிடுகிறது.

2019 மே 23: ஒரு நாளின் கணக்கு

என் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததைக் கணக்காகவே பார்ப்போம். 2019 மே 22 புதன்கிழமை நிஃப்டி 11,737.90 புள்ளியில் முடிந்தது. அன்று மாலை, மே 30ஆம் தேதி முடிவடையும் மாதாந்திர ஆப்ஷன்களில், 11,750 ஸ்டிரைக் விலையில் ஒருவர் ஸ்ட்ராடில் வாங்குகிறார் என்று கொள்வோம். கீழ்வரும் குறியீட்டு அளவுகள் அந்நாட்களில் பதிவானவை. பிரீமியங்களோ, உள்ளுறை ஏற்ற இறக்கம் முதல்நாள் 28 சதவிகிதம், மறுநாள் மாலை 18 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டு வழக்கமான ஆப்ஷன் சூத்திரத்தின்படி, வட்டியை ஒதுக்கிவிட்டு, நான் கணக்கிட்டவை.

இதன்படி கால் ஆப்ஷனின் விலை 188, புட் ஆப்ஷனின் விலை 200. இரண்டும் சேர்ந்து 388. அப்போது ஒரு லாட் என்பது 75 எண்ணிக்கை. ஆகவே ஒரு லாட்டுக்கு 29,100 ரூபாய்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை தொடங்கியது. ஆளும் கூட்டணி தெளிவான பெரும்பான்மையை நோக்கிச் செல்வது தெரிந்ததும் சந்தை பாய்ந்தது. நிஃப்டி 12,041 வரை சென்றது. சென்செக்ஸ் நாற்பதாயிரத்தைத் தொட்டது. ஸ்ட்ராடில் வாங்கியவர் எதிர்பார்த்த நகர்வு இதுதான். அவருடைய நிலை என்ன?

உச்சத்தை எட்டிய நேரத்தில் உள்ளுறை ஏற்ற இறக்கம் 20 சதவிகிதத்திற்கு இறங்கியிருந்தது என்று கொண்டால், கால் ஆப்ஷன் 188லிருந்து 328 ஆக உயர்கிறது. 140 லாபம். ஆனால் புட் ஆப்ஷன் 200லிருந்து 37 ஆகச் சரிகிறது. 163 நஷ்டம். கூட்டினால் 365. முதல்நாள் கொடுத்ததோ 388. குறியீடு 303 புள்ளி உயர்ந்து வரலாறு படைத்த தருணத்திலும் அவருக்குக் கையைவிட்டு 23 போயிருக்கிறது. என்னைத் தொலைபேசியில் அழைத்தவர் கண்டது இந்தக் காட்சியைத்தான்.

பிறகு லாபத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் விற்பனை தொடங்கியது. மாலையில் நிஃப்டி 11,657.05 புள்ளியில் முடிந்தது. அதாவது முதல்நாளைவிட 81 புள்ளி குறைவு. ஒரு சதவிகிதம்கூட இல்லாத மாற்றம். இப்போது கால் 75, புட் 169, மொத்தம் 244. ஒரு லாட்டின் மதிப்பு 18,300 ரூபாய். இழப்பு 10,800 ரூபாய், போட்டதில் 37 சதவிகிதம்.

இந்த 144 புள்ளி இழப்பைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். உள்ளுறை ஏற்ற இறக்கம் 28லேயே நின்றிருந்தால் அன்று மாலை ஸ்ட்ராடிலின் மதிப்பு 368 ஆக இருந்திருக்கும். அதாவது ஒரு நாள் கழிந்ததாலும் குறியீடு சிறிதளவே நகர்ந்ததாலும் குறைந்தது 20 மட்டுமே. எஞ்சிய 124 முழுவதும் உள்ளுறை ஏற்ற இறக்கம் 28லிருந்து 18க்கு விழுந்ததால் போனது. பலரும் 'காலம் கரைத்துவிட்டது' என்று சொல்வார்கள். இங்கே காலத்தின் பங்கு சொற்பம்.

சந்தை திரும்பட்டும் என்று முடிவு தேதி வரை காத்திருந்தவரின் கதையும் மேலானதன்று. மே 30 அன்று நிஃப்டி 11,945.90 புள்ளியில் முடிந்தது. கால் ஆப்ஷனுக்கு 196 கிடைத்தது, புட் பூஜ்யமானது. கொடுத்த 388இல் ஏறக்குறைய சரிபாதி.

விலைக்குள் இருந்த எதிர்பார்ப்பு

இந்த வீழ்ச்சி எதிர்பாராத விபத்து அன்று. ஆப்ஷன் விற்பவருக்கும் தேர்தல் முடிவு எந்த நாளில் என்பது தெரியும். மே 30 வரையிலான நாட்களில் ஒரு நாள் மட்டும் பெரும்புயல் வீசக்கூடிய நாள். மற்றவை வழக்கமான நாட்கள். 28 சதவிகிதம் என்பது இவை அனைத்தையும் ஒன்றாகக் கலந்த சராசரி. புயல்நாள் கழிந்ததும் எஞ்சுவது வழக்கமான நாட்களே; அவற்றுக்குரிய சராசரி 18 சதவிகிதம்தான். ஆகவே முதல்நாள் இருந்த 28, மறுநாள் 18 ஆவது விதிப்படி நிகழ்வது. குறியீடு எங்கே போகும் என்பதில்தான் ஐயம் இருந்தது. உள்ளுறை ஏற்ற இறக்கம் விழும் என்பதில் யாருக்கும் பெரிய ஐயம் இருந்திருக்க முடியாது.

இதையே திருப்பிக் கணக்கிட்டால் இன்னொன்று தெரியும். 28 சதவிகிதத்திலிருந்து வழக்கமான நாட்களின் பங்கைக் கழித்துவிட்டால், வாக்கு எண்ணும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் சராசரியாக 300 புள்ளிக்குச் சற்று மேற்பட்ட நகர்வு பிரீமியத்திற்குள் ஏற்கெனவே அடங்கியிருந்தது. அதாவது 300 புள்ளி நகர்வு என்பது வாங்கியவருக்கு லாபமே அன்று. அவர் முன்பணமாகச் செலுத்திவிட்ட தொகை அது. அன்று மாலைக் கணக்குப்படி அசலைத் திரும்பப் பெறவே நிஃப்டி ஸ்டிரைக் விலையிலிருந்து சுமார் 355 புள்ளி, அதாவது மூன்று சதவிகிதம், மேலோ கீழோ போய் முடிந்திருக்க வேண்டும்.

மற்றொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே 19 ஞாயிறு மாலை வாக்குக் கணிப்புகள் வெளிவந்தன. மறுநாள் திங்கட்கிழமை நிஃப்டி ஒரே நாளில் 421 புள்ளி உயர்ந்தது. முடிவைப் பற்றிய செய்தியின் பெரும்பகுதி அன்றே விலைக்குள் நுழைந்துவிட்டது. கணிப்பு சொன்ன திசையிலேயே முடிவும் அமைந்ததால் வியாழக்கிழமைக்கு எஞ்சியது கொஞ்சமே. ஆனால் கணிப்பு பொய்த்தால் என்னவாகும் என்ற அச்சம் புதன்கிழமை வரை பிரீமியத்தில் இருந்தது. அந்த அச்சத்திற்குத்தான் என் வாடிக்கையாளர் பணம் கொடுத்தார்.

ஸ்ட்ராடில் வென்ற நாட்கள்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது முறையாகாது. 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263.90 புள்ளியில் இருந்தது. வாக்குக் கணிப்புகளை நம்பி அன்று ஒரே நாளில் 733 புள்ளி ஏறியிருந்தது. ஜூன் 4 அன்று முடிவு கணிப்புக்கு மாறாக அமைந்தது; ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. நிஃப்டி 1,379 புள்ளி, 5.9 சதவிகிதம், வீழ்ந்து 21,884.50இல் முடிந்தது. முதல்நாள் மாலை 23,250 ஸ்டிரைக் விலையில் ஸ்ட்ராடில் வாங்கியவரின் புட் ஆப்ஷனில் அன்று மாலை உரிமை மதிப்பு மட்டுமே 1,366 புள்ளி இருந்தது.

ஆனால் அந்த வெற்றியும் எவ்வளவு குறுகிய காலத்தது என்பதைப் பாருங்கள். மறுநாளே நிஃப்டி 22,620க்குத் திரும்பியது. முதல்நாள் 26ஐத் தாண்டி முடிந்திருந்த இந்தியா விக்ஸ் 19க்கும் கீழே இறங்கியது. வாராந்திர ஆப்ஷன் முடிவடைந்த ஜூன் 6 அன்று நிஃப்டி 22,821.40. 1,366 புள்ளியாக இருந்த புட், முடிவில் 429 புள்ளி மட்டுமே தந்தது. வென்றவர்களிலும் ஜூன் 4 அன்றே விற்று வெளியேறியவரே முழுப் பலனைக் கண்டார்.

நான்கு தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 2009இல் முடிவுக்குப் பிந்தைய முதல் வர்த்தக நாளான மே 18 அன்று நிஃப்டி 17.7 சதவிகிதம் ஏறியது. 2014 மே 16 அன்று வர்த்தகத்தின் இடையே ஆறு சதவிகிதம் வரை ஏறி, முடிவில் 1.1 சதவிகித உயர்வோடு நின்றது. 2019இல் 0.7 சதவிகித இறக்கம். 2024இல் 5.9 சதவிகித வீழ்ச்சி. பெருநகர்வு கண்ட 2009, 2024 இரண்டிலும் முடிவு பெரும்பாலோர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. நகர்வு அடங்கிப்போன 2014, 2019 இரண்டிலும் யார் வெல்வார் என்ற எதிர்பார்ப்பு அப்படியே பலித்தது.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான். ஸ்ட்ராடில் வாங்குபவர் தாம் எந்தப் பக்கமும் சாயாத நடுநிலையாளர் என்று நினைக்கிறார். உண்மையில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறார்: பொதுவான எதிர்பார்ப்பு பிழையாகப் போகும் என்று அவர் பந்தயம் கட்டுகிறார். அப்படி நினைக்கக் காரணம் இருந்தால் வாங்கலாம். 'பெரிய நிகழ்வு' என்பது மட்டும் காரணமாகாது. பெரிய நிகழ்வு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே அது விலையில் இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று மாற்றுவழிகள்

இதைக் கேட்டதும் சிலர், 'அப்படியானால் இரண்டு வாரம் முன்பே மலிவாக வாங்கி, நிகழ்வுக்கு முதல்நாள் விற்றுவிடலாமே' என்பார்கள். உள்ளுறை ஏற்ற இறக்கம் நிகழ்வை நோக்கி ஏறுவது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி, வழக்கமான நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து சராசரியில் புயல்நாளின் பங்கு கூடுவதால் வருவது. சதவிகிதம் ஏறும்போதே நாட்கள் குறைகின்றன; ரூபாய்க் கணக்கில் ஸ்ட்ராடிலின் விலை பல நேரங்களில் ஏறுவதே இல்லை. எண் உயர்வதைப் பார்த்துப் பணம் உயர்கிறது என்று மயங்கக் கூடாது.

வேறு சிலர் நெடுநாள் ஆப்ஷனை வாங்கலாம் என்பார்கள். மூன்று மாதம் கழித்து முடிவடையும் ஆப்ஷனில் அந்த ஒரு நாளின் பங்கு சிறியது என்பதால் உள்ளுறை ஏற்ற இறக்கத்தின் வீழ்ச்சியும் மெல்லியதாகவே இருக்கும். ஆனால் அதற்குச் செலுத்தும் பிரீமியம் பல மடங்கு. போதாக்குறைக்கு, தொலைதூர மாதங்களில் வாங்குவோரும் விற்போரும் குறைவாதலால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். தப்பித்ததாக நினைத்த தொகை அந்த இடைவெளியில் போய்விடும்.

மூன்றாவது வழி மிகவும் ஆபத்தானது. 'வாங்குபவர் தோற்கிறார் என்றால் நாம் விற்பவராகிவிடுவோம்' என்பது. 2019 மே 22இல் விற்றவர் மறுநாள் லாபம் கண்டிருப்பார். 2024 ஜூன் 3இல் விற்றவரை எண்ணிப் பாருங்கள். வாங்குபவரின் இழப்புக்கு எல்லை உண்டு. விற்பவரின் இழப்புக்கு எல்லை இல்லை. இடையில் மார்ஜின் தொகை கூட்டிக் கேட்கப்படும். தர இயலாவிட்டால் தரகு நிறுவனமே மிக மோசமான விலையில் கணக்கை முடித்துவிடும். பல தேர்தல்களில் சேர்த்த லாபத்தை ஒரு ஜூன் 4 வாரிக்கொண்டு போய்விடும். வாங்குவது விலை அதிகம் என்பதற்காக விற்பது சரி என்றாகிவிடாது.

வாங்குமுன் செய்ய வேண்டிய கூட்டல்

எல்லாவற்றையும் மீறி வாங்கவே விரும்புவோர்க்கு ஒரு சிறு கணக்கைப் பரிந்துரைப்பேன். குறியீட்டுக்கு மிக அருகிலுள்ள ஸ்டிரைக் விலையில், நிகழ்வுக்குப் பின் முதலில் முடிவடையும் ஆப்ஷன்களின் கால், புட் இரண்டின் பிரீமியங்களையும் கூட்டுங்கள். குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் 388ஐ 11,738 ஆல் வகுத்தால் 3.3 சதவிகிதம். அந்தத் தேதிக்குள் குறியீடு சராசரியாக அவ்வளவு நகரும் என்று சந்தை சொல்கிறது. இனி உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: அதைவிட அதிகமாக நகரும் என்று நினைக்க உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? விடை எழுந்து வராவிட்டால் அந்தச் செயலியை மூடிவிடுவதே நலம்.

தரகு நிறுவனங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஸ்ட்ராடில் வாங்கும் திரையில் V வடிவ வரைபடம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அது முடிவு தேதியன்று கிடைக்கும் பலனை மட்டும் காட்டும் படம். நிகழ்வுக்கு மறுநாள், உள்ளுறை ஏற்ற இறக்கம் வழக்கமான நிலைக்குத் திரும்பியபின் அதே ஸ்ட்ராடிலின் மதிப்பு என்ன என்பதை அது சொல்வதில்லை. விலையில் அடங்கிய எதிர்பார்ப்பு நகர்வையும் மறுநாள் மதிப்பையும் அந்தத் திரையிலேயே, ஆணையை உறுதிசெய்யும் பொத்தானுக்கு மேலே, ரூபாயில் காட்ட வேண்டும். கணக்கிடுவது அவர்களுக்குக் கடினமன்று. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குசார் வழிப்பொருள் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் நஷ்டமடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் திசையைச் சரியாகக் கணித்தும் தோற்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வங்கி அதிகாரி என்ற முறையில் இறுதியாக ஒன்று. ஸ்ட்ராடில் வாங்குவது முதலீடு அன்று; ஒரு நாளுக்கான காப்பீட்டுப் பத்திரத்தை அந்நாளுக்கு முந்தைய மாலையில், அதன் உச்ச விலையில் வாங்குவது. அதற்குச் செலவிடும் தொகை முழுவதும் போனாலும் வீட்டில் எதுவும் மாறாது என்னும் அளவில் அது இருக்க வேண்டும். வைப்புத்தொகையை முறித்து எடுக்கும் பணம் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அந்தப் பொறியாளர் ஜூன் முதல் வாரத்தில் மீண்டும் கிளைக்கு வந்தார். முடிவு தேதி வரை காத்திருந்ததில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியிருந்தது. அதை மறுபடியும் வைப்பில் போடச் சொன்னார். கணக்கு எங்கே பிழைத்தது என்று கேட்டார். படிவத்தின் பின்புறத்தில் 388, 365, 244, 196 என்று வரிசையாக எழுதிக் காட்டி, ஒவ்வொன்றையும் விளக்கினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறும், இறங்கும் என்று இரண்டையும் யோசித்தேன் தம்பி. ஏற்கெனவே எவ்வளவு விலை வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை" என்றார். 2024 தேர்தலின்போது அவர் எதையும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒருவேளை வென்றிருப்பார். அதை நான் சொன்னபோது, 3ஆம் தேதி மாலை அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததாகவும், அதைவிட அதிகமாக நகரும் என்று சொல்லத் தம்மிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை என்றும் கூறினார். அவர் எடுத்த முடிவு சரியானதென்றே இன்றும் கருதுகிறேன்.